லோன் ஆப்பில் வரும் பணம் யாருடையது? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பேரணாம்பட்டுல ஷூ கம்பெனில வேலை செய்றேன். ஆப்புல அஞ்சாயிரம் லோன்னு காட்டுச்சு, அக்கவுன்ட்ல மூவாயிரத்து இருநூறுதான் விழுந்தது. ஏழாம் நாள் அஞ்சாயிரத்து ஐம்பது கட்டச் சொல்றாங்க. இது சரியா?

சரியில்லை. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்தே கணக்குப் போடலாம். டெக்னிக்கல் சர்வீஸ் என்று 900, ரிஸ்க் அசெஸ்மென்ட் என்று 550, ஜி.எஸ்.டி. என்று 350. ஆக 1,800 ரூபாயை முன்பே பிடித்துவிட்டார்கள். வட்டி என்று காட்டியிருப்பது வெறும் 50 ரூபாய். பார்ப்பவருக்கு "ஐயாயிரத்துக்கு ஐம்பது ரூபாய்தானே" என்று தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

உங்கள் கைக்கு வந்தது 3,200. திருப்பிக் கட்ட வேண்டியது 5,050. அதாவது 3,200 ரூபாயை ஏழு நாள் வைத்திருக்க 1,850 ரூபாய் செலவு. ஒரு வாரத்துக்கே ஏறக்குறைய 58 சதவீதம். ஆண்டுக்கு என்று மாற்றினால் 3,000 சதவீதத்தைத் தாண்டும். நம் பக்கத்தில் தண்டல்காரரும் முன்பிடித்தம் செய்துதான் கொடுப்பார். ஆனால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்று கந்துவட்டி வாங்குகிறவரிடம் இதே 3,200 ரூபாயை வாங்கியிருந்தால்கூட, ஒரு வாரத்துக்கு எழுபத்தைந்து ரூபாய்தான் ஆகியிருக்கும். அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆப்காரர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. 900-ம் 550-ம் சேர்ந்தால் 1,450. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டால் 261 ரூபாய்தான் வரும். 350 எப்படி வந்தது? அரசுக்குப் போகிற வரியில் யாரும் 89 ரூபாய் கூட்டிப் போட மாட்டார்கள். அந்தப் பணம் அரசுக்குப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆப்பில் வரிக்கணக்கு இப்படி இடித்தால், அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஏழாம் நாள் கட்ட முடியலைன்னா 1,750 கட்டினா இன்னொரு வாரம் டைம் தர்றோம்னு பட்டன் வருதே, அதை அழுத்தலாமா?

வேண்டாம். அந்த 1,750 அசலில் கழியாது. மூன்று முறை அழுத்தினால் 5,250 கட்டியிருப்பீர்கள், அதற்குப் பிறகும் 5,050 பாக்கி நிற்கும். கையில் வாங்கியதோ 3,200. இந்த ஆப்களுக்கு நீங்கள் கடனை முடிப்பதில் ஆர்வம் கிடையாது. அந்தப் பட்டனை வாராவாரம் அழுத்த வைப்பதுதான் அவர்கள் தொழில். பல பேர் இந்த இடத்தில் இன்னொரு ஆப்பில் கடன் வாங்கி இதை அடைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த இன்னொரு ஆப்பை சிபாரிசு செய்வதே மிரட்டுகிற ஆள்தான். இரண்டும் ஒரே கும்பலுடையதாக இருந்தால் உங்கள் பணம் ஒரே பைக்குத்தான் போகிறது.

அப்போ முறையான கம்பெனி கட்டணமே வாங்காதா?

வாங்கும். சில நேரம் நிறையவே வாங்கும். வித்தியாசம், அது எல்லாவற்றையும் ஒரே தாளில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் ஒப்பந்தத்துக்கு முன்பே கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற தாள் உங்களுக்கு வர வேண்டும். சுருக்கமாகக் கே.எஃப்.எஸ். என்பார்கள். அதில் கையில் எவ்வளவு வரும், எந்தெந்தக் கட்டணம், தவணை எவ்வளவு, தாமதமானால் என்ன அபராதம், புகார் அதிகாரி யார், எல்லாம் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதிதான், தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பின்னால் சேர்க்க முடியாது.

அதில் கண்ணை வைக்க வேண்டிய இடம் ஏ.பி.ஆர். என்ற ஓர் எண். வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்தால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அது. ஓர் உதாரணம் பாருங்கள். 20,000 ரூபாய் கடன், ஆறு மாதத் தவணை, ஆண்டு வட்டி 30 சதவீதம். பிராசஸிங் கட்டணம் 3 சதவீதம், அதாவது 600. அதற்கு ஜி.எஸ்.டி. 108. கைக்கு வருவது 19,292. மாதத் தவணை 3,631 வீதம் ஆறு மாதத்தில் 21,786 கட்டுவீர்கள். விளம்பரத்தில் 30 சதவீதம் என்றுதான் போடுவார்கள். ஆனால் கட்டணத்தையும் சேர்த்த ஏ.பி.ஆர். சுமார் 43 சதவீதம். முறையான நிறுவனத்திடமே நிலைமை இதுதான். கையில் ஒரு சவரன் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ வங்கிக் கிளையிலோ வைத்து வாங்குவது இதைவிட வெகுவாகக் குறைவு. அதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டும் என்பதுதான் பலரை ஆப் பக்கம் தள்ளுகிறது.

வாங்கிய பிறகு மனம் மாறினாலும் வழி உண்டு. குறைந்தது ஒரு நாளாவது விலகும் அவகாசம் தர வேண்டும். அதற்குள் அசலையும், வைத்திருந்த நாளுக்கான செலவையும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். பிராசஸிங் கட்டணத்தை மட்டும், தாளில் முன்பே சொல்லியிருந்தால், பிடித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன பேரணாம்பட்டு ஆப்பில் கே.எஃப்.எஸ். தாளும் இல்லை, விலகும் பட்டனும் இல்லை.

ஆப் உண்மையானதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? படிச்சவங்களே ஏமாறுறாங்களே.

"ஆப் உண்மையா" என்று தேடுவதால்தான் ஏமாறுகிறார்கள். ஆப் கடன் கொடுப்பதில்லை. பின்னால் ஒரு வங்கியோ, ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனமோ இருக்க வேண்டும். அந்த நிதி நிறுவனத்தைத்தான் என்.பி.எஃப்.சி. என்பார்கள். பணம் அதனுடையது, ஆப் வெறும் தரகர். ஆகவே கேட்க வேண்டியது, "இந்தப் பணம் யாருடையது, அவர் இந்த ஆப்பைத் தன் ஆப் என்று ஒப்புக்கொள்கிறாரா" என்பது. இரண்டாவது பாதியை யாரும் கேட்பதில்லை. மோசடி நடப்பது அங்கேதான்.

பேரணாம்பட்டு ஆப்பை இப்படித்தான் பார்த்தோம். முகப்பில் "ஆர்.பி.ஐ. பதிவு பெற்ற கூட்டாளி" என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அதுவே முதல் குறை. கடன் கொடுப்பவர் பெயரை ஆப் மறைக்கக் கூடாது. பிரைவசி பாலிசியில் தேடியதில், நடுவில் ஓரிடத்தில் வடமாநில நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் கிடைத்தது.

அடுத்து ரிசர்வ் வங்கியின் தளமான rbi.org.in. அங்கே என்.பி.எஃப்.சி. பட்டியல் கிடைக்கிறது, பதிவு ரத்தானவற்றின் பட்டியல் தனியாக இருக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும். பெயரின் ஒரு சொல் பொருந்தினால் போதாது. முழுப் பெயர், ஊர், பதிவு எண் மூன்றும் ஒத்துவர வேண்டும். "ஃபைனான்ஸ்" என்பதை "ஃபின்கேப்" என்று மாற்றிவிட்டால் அது வேறு கம்பெனி. இந்தப் பெயர் முழுதாகவே பொருந்தியது. நிறுவனம் உண்மையானது. பெரும்பாலானவர்கள் இங்கே திருப்தியாகி நிறுத்திவிடுவார்கள்.

நாங்கள் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போனோம். ஆப்பில் இருக்கும் லிங்க்கை அழுத்திப் போகக் கூடாது, நாமாகத் தட்டச்சு செய்து போக வேண்டும். தன் சார்பில் கடன் வழங்கும் ஆப்கள் எவை, தரகு நிறுவனங்கள் எவை என்று ஒவ்வொரு நிதி நிறுவனமும் தன் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலில் இந்த ஆப் இல்லை. 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கித் தளத்திலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. Digital Lending Apps என்று அங்கே தேடினால் கிடைக்கும். அதிலும் இல்லை. இந்தப் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிதி நிறுவனங்கள் தாமே தரும் விவரத்தைத்தான் ரிசர்வ் வங்கி அப்படியே காட்டுகிறது, ஒவ்வொரு ஆப்பையும் சோதித்துச் சான்று தருவதில்லை. அதனால் பட்டியலில் இருப்பது "இந்த நிறுவனம் இது என் ஆப் என்கிறது" என்பதற்கு ஆதாரம், வட்டி நியாயமானது என்பதற்கு அல்ல. பட்டியலில் இல்லாத ஆப்பை மட்டும் தொடாமல் விடுங்கள்.

அதன்பின் நிறுவனத்தின் தளத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தோம். "அந்தப் பெயரில் எங்களுக்கு ஆப் கிடையாது" என்று பதில் வந்தது. பெயரைத் திருடியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே பணம் வாங்கியாச்சு. இப்போ கண்டுபிடிக்க வழி இருக்கா?

பாஸ்புக்கைப் பாருங்கள். பணம் யார் கணக்கிலிருந்து வந்தது? வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும், நடுவில் ஆப் கம்பெனியின் கணக்கு வரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்து 2025-ல் புதுப்பித்த விதிகளின் முதுகெலும்பு. திருப்பிக் கட்டுவதும் அப்படித்தான். பாஸ்புக்கில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் கிளையில் கேளுங்கள், அனுப்பியவர் விவரம் எடுத்துத் தருவார்கள்.

பேரணாம்பட்டு விஷயத்தில் பணம் ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரிலிருந்து வந்திருந்தது. கட்டச் சொல்லி அனுப்பிய யு.பி.ஐ. ஐ.டி.யைப் போட்டுப் பார்த்தால் ஒரு தனிமனிதர் பெயர் தெரிந்தது. மறுநாள் வேறொரு பெயர். வாடகைக்கு எடுத்த கணக்குகள் இவை, போலீஸ் முடக்க முடக்க மாற்றுவார்கள். யு.பி.ஐ.யில் பின் நம்பர் போடும் முன் திரையில் ஒரு பெயர் வருமே, அந்த ஒரு வரியைப் படித்தாலே பாதி ஆப்களின் வேஷம் கலைந்துவிடும்.

வாட்ஸ்அப்ல ஆர்.பி.ஐ. சர்டிஃபிகேட், ஜி.எஸ்.டி., கம்பெனி ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் அனுப்பினாங்களே?

கம்பெனியைப் பதிவு செய்வது மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறையில். ஊறுகாய்க் கம்பெனிக்கும் அந்தப் பதிவு உண்டு. ஜி.எஸ்.டி. எண் வரி கட்டுவதற்கு. இரண்டுமே கடன் கொடுக்கும் உரிமையைத் தராது. ரிசர்வ் வங்கி சான்றிதழின் படம் வேறொருவருடையதாக இருக்கலாம், திருத்தியதாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதிலுள்ள எண்ணை ரிசர்வ் வங்கிப் பட்டியலில் தேடுங்கள்.

லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, முதல்ல இன்சூரன்ஸ் 2,500 கட்டுங்கன்னு கேக்கிறாங்க.

கட்டாதீர்கள். இது லோன் ஆப்கூட இல்லை, வேறு மோசடி. லோனே வராது. முறையான நிறுவனம் கட்டணத்தைக் கடன் தொகையில் கழித்துக்கொண்டுதான் தரும், முன்பணம் கேட்காது. முத்ரா பெயரைச் சொல்லிக் கேட்டால் இன்னும் சுலபம். முத்ரா நிறுவனம் தனிநபருக்கு நேரடியாகக் கடன் தருவதே இல்லை. வங்கி, நிதி நிறுவனங்கள் வழியாகத்தான்.

பிளே ஸ்டோர்லதானே இருக்கு, கூகுள் பாத்துத்தானே விட்டிருப்பான்?

ஓரளவு பார்க்கிறான். அறுபது நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டச் சொல்லும் தனிநபர் கடன் ஆப்களுக்குப் பிளே ஸ்டோரில் இடமில்லை. கான்டாக்ட், போட்டோ ஆகியவற்றைக் கடன் ஆப்கள் கேட்கக் கூடாது என்றும் 2023-லிருந்து தடை. அதனால் ஏழு நாள் ஆப் ஒன்று அங்கே இருந்தால், விளக்கத்தில் 91 நாள் என்று பொய் எழுதி உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். விளக்கத்தில் ஒரு கெடு, உள்ளே போனால் வேறு கெடு என்பது மோசடிக்குத் தெளிவான அடையாளம். வாட்ஸ்அப்பிலோ எஸ்.எம்.எஸ்.சிலோ வரும் APK ஃபைல் இந்தச் சல்லடைக்கே வராது, அதைத் திறக்கவே வேண்டாம்.

எல்லா ஆப்பும்தான் Allow கேக்குது. லோன் ஆப் கேட்டா என்ன?

எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் முகத்தையும் ஆதாரையும் சரிபார்க்க கேமரா வேண்டும். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று பார்க்க லொக்கேஷன் வேண்டியிருக்கலாம். இவற்றை ஒரே ஒருமுறை, அடையாளச் சரிபார்ப்பின்போது, உங்கள் சம்மதத்தோடு எடுத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. போனில் "Only this time" என்று ஒரு தேர்வு வரும், அதையே அழுத்துங்கள்.

கான்டாக்ட் பட்டியல், கால் ஹிஸ்டரி, போட்டோவும் ஃபைலும் இருக்கும் இடம், இவற்றைத் தொடவே கூடாது. கடன் திரும்பி வருமா என்று கணக்கிட உங்கள் அத்தை வீட்டு நம்பர் எதற்கு? அது வசூலுக்கு. கடனுக்கு ஈடாக நகையைக் கேட்பதற்குப் பதில் உங்கள் மானத்தை ஈடாக வாங்கிக்கொள்கிறார்கள். ஷூ கம்பெனி சூப்பர்வைசர், மகளிர் குழுத் தலைவி, சம்பந்தி வீடு, பிள்ளையின் டியூஷன் டீச்சர், இத்தனை பேரும் உங்கள் போனில் இருக்கிறார்கள். கேலரியில் உங்கள் முகம் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் ஆபாசமாக மாற்றிய படத்தை எல்லோருக்கும் அனுப்புவோம் என்கிற மிரட்டல் தயாராகிறது.

எஸ்.எம்.எஸ். கொஞ்சம் தந்திரமானது. சம்பளம் வருகிறதா என்று பார்க்க என்று காரணம் சொல்வார்கள். அதே அனுமதியில் உங்கள் ஓ.டி.பி.யும் அவர்களுக்குத் தெரியும். வங்கி ஸ்டேட்மென்ட் பி.டி.எஃப். தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் நான் வாங்க மாட்டேன்.

நிறுவும் முன்பே பார்க்கலாம். பிளே ஸ்டோரில் ஆப்பின் பக்கத்தில் "About this app" என்பதைத் தொட்டுக் கீழே போனால் "App permissions" இருக்கும். அதற்கு அருகில் "Data safety" என்று ஒன்று காட்டும், அது ஆப்காரரே எழுதிக்கொடுப்பது, அதை அவ்வளவாக நம்ப வேண்டாம். இன்னொரு அனுமதியும் இருக்கிறது, அது போனில் இல்லை, வங்கியில் இருக்கிறது. ஆட்டோபே. தவணையைத் தானாகப் பிடிக்க நீங்கள் ஒப்புதல் கொடுத்திருந்தால், உச்சவரம்பு எவ்வளவு என்று பாருங்கள். 3,631 தவணைக்கு 20,000 வரை பிடிக்கலாம் என்று ஒப்புதல் வாங்கியிருந்தால் காரணம் கேளுங்கள்.

தெரியாம Allow குடுத்துட்டேன். ஆப்பை டெலீட் பண்ணிட்டா போதுமா?

போதாது. Allow கொடுத்த சில விநாடியில் கான்டாக்ட் பட்டியல் அவர்கள் சர்வருக்குப் போயிருக்கும். ஆப்பை நீக்குவது இனிமேல் புதிதாக விவரம் எடுக்காமல் தடுக்கும், போனதைத் திருப்பாது.

அவசரப்பட்டு நீக்கவும் வேண்டாம். முதலில் ஆப்பின் பெயர், கடன் பக்கம், கட்டண விவரம், பிரைவசி பாலிசி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிளே ஸ்டோர் லிங்க்கைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆப் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகும். பிறகு Settings, Apps என்று போய் அந்த ஆப்பின் Permissions-ல் எல்லாவற்றையும் அணையுங்கள். யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே ஏதும் இருந்தால் ரத்து செய்யுங்கள். கடைசியில் ஆப்பை நீக்குங்கள்.

அன்று மாலையே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வையுங்கள்: "என் போன் விவரத்தை ஒரு மோசடி ஆப் எடுத்துவிட்டது. என் பெயரில் படமோ மெசேஜோ வந்தால் நம்ப வேண்டாம், அந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள்." சங்கடம்தான். ஆனால் மிரட்டுகிறவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் உங்கள் ரகசியம், அதை நீங்களே போட்டு உடைத்துவிட்டால் அவனுக்குப் பேரம் பேச ஒன்றும் இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடலாம் என்று நினைத்தவர்கள்தான் அதிகம் கட்டியிருக்கிறார்கள்.

நான் கேக்கவே இல்ல, அக்கவுன்ட்ல 1,800 விழுந்திருக்கு. இப்போ 3,000 கட்டுன்னு போன் வருது.

எங்கோ ஒரு ஆப்பில் விவரம் கொடுத்துவிட்டுப் பாதியில் விட்டிருப்பீர்கள். அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். போனில் சொல்லும் யு.பி.ஐ.க்குத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், அது வேறு ஆளுடையதாக இருந்தால் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். வங்கிக் கிளைக்குப் போய், இது நான் கேட்காத பணம், வந்த கணக்குக்கே திருப்புங்கள் என்று எழுதிக்கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

படத்தை மாத்தி எல்லாருக்கும் அனுப்பிடுவேன்னு மிரட்டுறாங்க. வேலூர்ல எங்க போய்ச் சொல்றது?

1930-க்குப் போன் செய்யுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். பணம் கட்டிவிட்டிருந்தால் எவ்வளவு சீக்கிரம் 1930-க்குச் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது, எதிர்க் கணக்கை முடக்க அப்போதுதான் வாய்ப்பு. பிறகு நேரில். 2019-ல் மாவட்டம் மூன்றானதால் இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடிக்காரர்களுக்கு வேலூர் மாவட்ட சைபர் கிரைம் போலீஸ். ஆற்காடு, வாலாஜாப்பேட்டை என்றால் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். ஆரணி, செய்யாறு திருவண்ணாமலை. அலைய முடியாவிட்டால் அருகிலுள்ள ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம், எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

மனுவில் "லோன் ஆப் தொல்லை" என்று மட்டும் எழுதினால் "வாங்கின கடனைக் கட்டும்மா" என்று திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. மிரட்டிப் பணம் பறித்தல், ஆபாசமாக மாற்றிய படம் என்று குற்றத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். மிரட்டிப் பறிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 308-வது பிரிவு இருக்கிறது. கையில் வந்த தொகை, கட்டிய தொகை, தேதி, யு.பி.ஐ. ஐ.டி.கள், மிரட்டிய எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஸ்கிரீன்ஷாட்டைப் பிரின்ட் போட்டு இணையுங்கள். பதிவில்லாத ஆப் என்றால் ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்திலும் ஒரு புகார் போடுங்கள்.

"கட்டிவிட்டால் விட்டுவிடுவானா" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் விடுவதில்லை. கட்டிய ஆள் இன்னும் கட்டுவார் என்றுதான் அவன் கணக்குப் போடுகிறான்.

பதிவு பெத்த கம்பெனிதான், ஆனா வசூல் பண்ற ஆள் ராத்திரி போன் பண்ணித் திட்டுறான். அதுக்கும் போலீஸா?

திட்டும் மிரட்டலும் எல்லை மீறினால் போலீஸ்தான். மற்றபடி வழி வேறு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது, உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. புதிதாக ஓர் ஏஜென்டை நியமித்தால், அவர் பேசும் முன்பே அவர் விவரம் உங்களுக்கு மெசேஜில் வர வேண்டும். இவை மீறப்பட்டால் கே.எஃப்.எஸ். தாளில் இருக்கும் புகார் அதிகாரிக்கு ஈமெயிலில் எழுதுங்கள், போனில் சொன்னால் சாட்சி இருக்காது. 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. ஆம்புட்ஸ்மனால் பதிவு பெற்ற நிறுவனத்தைத்தான் கேள்வி கேட்க முடியும். கடன் கொடுத்தது யார் என்று முதலிலேயே பார்த்துவைத்தது இங்கேயும் உதவும்.

ஆனால் இந்தக் கடன் உண்மையான கடன். ஏஜென்ட் திட்டினான் என்பதற்காகத் தவணை கழியாது.

மோசடி ஆப்புக்குக் கட்டலைன்னா சிபில் போயிடும்னு சொல்றாங்களே?

கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு விவரம் அனுப்ப அவற்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். பதிவில்லாத ஆப்காரர் உறுப்பினராக முடியாது. வெறும் பயமுறுத்தல். சந்தேகம் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாட்டில் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் நீங்கள் வாங்காத கடன் ஏதும் தெரிந்தால் உங்கள் பான் எண்ணை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்போது அந்த அறிக்கையில் இருக்கும் நிறுவனத்துக்கும், அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் மறுப்பு எழுதிவிட்டு, நகலைப் போலீஸ் மனுவோடு சேருங்கள். பேரணாம்பட்டு அக்காவின் அறிக்கையில் மகளிர் குழுக் கடன் மட்டுமே இருந்தது, ஆப்பின் பெயரே இல்லை.